34 வாடிக்கையாளர்கள், ஒரே வேலை: ஃப்ரீலான்ஸ் அனுபவத்தை ரெஸ்யூமேயில் எழுதுவது எப்படி?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: ஏழு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். இதுவரை 34 வாடிக்கையாளர்கள். இப்போது முழுநேர வேலை தேடுகிறேன். 19 இடங்களுக்கு விண்ணப்பித்ததில் ஒரே ஒரு நேர்காணல்தான் கிடைத்தது. அங்கும் "ஏன் இத்தனை இடம் மாறினீர்கள்?" என்று கேட்டார்கள். நான் எங்கும் மாறவே இல்லையே! என் பெரிய வாடிக்கையாளரான பதிப்பகத்தையே பணியிடமாக எழுதிவிடு என்கிறார் ஒரு நண்பர். "நிறுவனர், படைப்பாக்க இயக்குநர்" என்று போட்டுக்கொள் என்கிறார் இன்னொருவர். அப்பாவின் சிகிச்சைக்காக நடுவில் ஐந்து மாதம் வேலை செய்யவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களுடன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு இருக்கிறது. இன்னும் பத்து நாளில் ஒரு கல்வி நிறுவனத்தின் டிசைன் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் ரெஸ்யூமேயையும் இதுவரை அனுப்பிய பில்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளில் முதலில் ரெஸ்யூமேயைப் படித்தேன், பிறகு பில் பட்டியலைப் படித்தேன். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்புவது கடினமாக இருந்தது. ரெஸ்யூமேயில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிற ஒருவர் தெரிகிறார். பில் பட்டியலிலோ, ஒரே வாடிக்கையாளருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வேலை முடித்துக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவது இரண்டாமவரை. அவரை ரெஸ்யூமேக்குள் கொண்டுவருவதுதான் நமக்கு இருக்கிற வேலை. அதற்கு ஒரு பொய்யும் தேவையில்லை.

டிசைன் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். உங்களுடையதைப் போன்ற ஒரு ரெஸ்யூமேயை நானே ஒதுக்கியிருக்கிறேன். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மாதம், மூன்று மாதம். சில வாரங்கள் கழித்து வேறொரு வேலையாக அவருடைய போர்ட்ஃபோலியோவைப் பார்க்க நேர்ந்தது. அந்தப் பெயர்களில் ஆறு, ஒரே விளம்பர நிறுவனம் வழியாக ஐந்து ஆண்டுகள் வந்த வேலைகள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரைக் கூப்பிடாமல் விட்டது என் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் சரியாகப் படிப்பதற்கு அந்தத் தாள் எனக்கு ஒரு பிடியும் கொடுக்கவில்லை.

படிப்பவர் கண் எங்கே போகிறது

முதல் பார்வையில் யாரும் ரெஸ்யூமேயை வரிவரியாகப் படிப்பதில்லை. இப்போது என்ன பதவி, எங்கே, எப்போதிலிருந்து, அதற்கு முன் எங்கே, எவ்வளவு காலம் என்று இடது ஓரத்திலும் தேதிகளிலும் கண் ஓடும். ஓர் இடத்தில் நீண்ட காலம் தெரிந்தால் அங்கே நின்று படிப்பார்கள். எங்குமே நீளம் இல்லாவிட்டால் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். உங்கள் ரெஸ்யூமேயில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பணியிடத்தைப் போல, தனித்தனித் தலைப்பும் தேதியுமாக நிற்கிறார்கள். "ஏன் இத்தனை இடம் மாறினீர்கள்?" என்று கேட்டவர் உங்களை அவமதிக்கவில்லை. தாளில் இருந்ததைத்தான் படித்தார்.

ஃப்ரீலான்ஸரின் ரெஸ்யூமே என்று புரிந்துகொண்டு படிப்பவருக்கும் சில சந்தேகங்கள் இருக்கும். அவற்றில் முதலாவது, இவர் தன் வேலையின் பின்விளைவோடு வாழ்ந்திருக்கிறாரா என்பது. கோப்பை அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுபவருக்கு, ஒரு வருடம் கழித்து அதே புத்தகத்தில் நாற்பது பக்கம் திருத்த வேண்டியிருக்கும்போது வரும் வலி தெரியாது. நிறுவனத்துக்குள் இருக்கும் டிசைனருக்குப் பாதி வேலை அதுதான். பழைய கோப்பைத் திறப்பது, பிறர் போட்ட விதிமுறைக்குள் வேலை செய்வது, மூன்று துறைகள் மூன்று விதமாகக் கேட்பதைச் சமாளிப்பது. ஆறு மாதத்தில் சலித்துப் போய்விடுவாரா என்பது அடுத்த சந்தேகம். சொந்த வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே இங்கு சம்பளமும் வாங்குவாரா என்பது பலர் வாய்விட்டுக் கேட்காத சந்தேகம். முதல் சந்தேகத்தை ரெஸ்யூமே தீர்க்க வேண்டும். மற்ற இரண்டையும் நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ரெஸ்யூமே அழகாக இருக்கிறது. செங்குத்தாகப் பிரித்த இரண்டு பத்திகள், சின்னங்கள், ஒவ்வொரு திறமைக்கும் பாதி நிரம்பிய பட்டை. பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை ஒரு மென்பொருளில் வாங்குகின்றன. அது தாளிலிருந்து நிறுவனம், பதவி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகியவற்றைப் பிரித்தெடுத்துத் தன் கட்டங்களில் நிரப்பப் பார்க்கும். இரண்டு பத்தி அமைப்பில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து, ஒரு வாடிக்கையாளர் பெயருக்கு இன்னொருவரின் தேதி போய் ஒட்டிக்கொள்வது உண்டு. இந்த மென்பொருளே ஆட்களை நிராகரிக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நிறுவனமே வைத்த கட்டாயக் கேள்விக்குப் பதில் பொருந்தாதபோது விண்ணப்பம் தானாக விலக்கப்படலாம். மற்றபடி அது வரிசைப்படுத்தித் தரும், முடிவை மனிதர்தான் எடுப்பார். ஆனால் அந்த மனிதர் முதலில் பார்ப்பது குழம்பிப்போன கட்டங்களாக இருந்தால் நீங்கள் தோற்றுவிடுகிறீர்கள்.

சோதிப்பது சுலபம். உங்கள் ரெஸ்யூமேயின் எழுத்து முழுவதையும் நகலெடுத்து, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு வெற்று எழுத்துக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பொருள் மாறாமல் வருகிறதா? உங்களுடையதை நான் ஒட்டிப் பார்த்தேன். பதிப்பகத்தின் பெயருக்குக் கீழே உணவுப்பொருள் நிறுவனத்தின் தேதி வந்து நின்றது. டிசைன் திறமையைப் போர்ட்ஃபோலியோ காட்டட்டும். ரெஸ்யூமே ஒற்றைப் பத்தியில், நல்ல எழுத்துருவில், தாராளமான இடைவெளியோடு இருந்தால் போதும். பட்டைகளை எடுத்துவிடுங்கள். எண்பது சதவீத டிசைனர் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

பில் பட்டியலில் ஒளிந்திருப்பது

இனி நான் உங்கள் பட்டியலை வைத்துச் செய்ததைச் சொல்கிறேன். ஒரு தாளில் மேலே மாதங்களை வரிசையாக எழுதினேன். 2018 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை 84 மாதங்கள். இடது ஓரத்தில் வாடிக்கையாளர்கள். எந்த மாதத்தில் யாருக்குப் பில் போனதோ அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வேறெதற்கும் முன்னால் நீங்களும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் நேர்காணலில் உங்களுக்குத் துணை நிற்கப்போவது இந்தக் கட்டங்கள்தான்.

84 மாதங்களில் 76 மாதங்களில் பில் இருக்கிறது. பில் இல்லாத எட்டில் ஐந்து, 2022 ஜூன் முதல் அக்டோபர் வரை அப்பாவின் சிகிச்சைக் காலம். மற்ற மூன்றும் தொழில் தொடங்கிய முதல் ஐந்து மாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 34 பேரில் 19 பேர் ஒரே ஒருமுறை வந்தவர்கள். 15 பேர் திரும்பி வந்தவர்கள். அந்தப் பதினைந்திலும் நான்கு பேர் தலா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறார்கள்: விளம்பர நிறுவனம் 38 மாதங்கள், உணவுப்பொருள் நிறுவனம் 27 மாதங்கள், பதிப்பகம் 50 மாதங்கள், மருத்துவமனை 28 மாதங்கள். உங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த நால்வரிடமிருந்துதான் வந்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது, இந்த நான்கு வரிசைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோது தெரிந்தது. 2018 ஆகஸ்டில் விளம்பர நிறுவனம் தொடங்குகிறது. அது 2021 செப்டம்பரில் முடிவதற்கு எட்டு மாதம் முன்பே, அந்த ஜனவரியில், பதிப்பகம் தொடங்கிவிடுகிறது. 2022 நவம்பரில் மருத்துவமனை சேர்கிறது. அந்த ஐந்து மாதத்தைத் தவிர, 2018 ஆகஸ்டிலிருந்து இன்றுவரை நால்வரில் ஒருவராவது இல்லாத மாதமே இல்லை. உங்கள் தொழிலின் முதுகெலும்பு இதுதான். மற்ற முப்பது பேரும் அதைச் சுற்றி இருப்பவர்கள். உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு நாள் வேலையாகச் செய்த திருமண அழைப்பிதழும் நான்கு ஆண்டுப் பாடநூல் வேலையும் ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. சிதறல் அங்கேதான் உண்டாகிறது.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஐந்து மாதம் நீங்கள் இல்லாமல் இருந்தும் பதிப்பகம் நவம்பரில் உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. இடையில் வேறொருவரைப் பிடித்து அவரோடே தொடர்ந்திருக்கலாம். நீங்கள் குறையாக நினைத்து மறைக்கப் பார்க்கிற அந்த இடைவெளிதான், உங்கள் வேலையை ஒருவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு நல்ல சாட்சி.

பில்களில் இன்னொரு தடயமும் இருக்கிறது. 2021இல் பதிப்பகத்துக்குப் போன ஒவ்வொரு பில்லிலும் "கூடுதல் திருத்தச் சுற்று" என்று தனியாக ஒரு வரி. 2023க்குப் பிறகு அந்த வரி எங்கும் இல்லை. ஏன்? முதல் ஆண்டில் பாடத் தலைப்பு, உபதலைப்பு, பயிற்சிக் கேள்வி ஆகியவற்றுக்கு நிலையான பாணிகளை அமைத்து, அதனால் திருத்தம் குறைந்ததா? அல்லது கட்டணம் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டீர்களா? இதற்கு விடை உங்களுக்குத்தான் தெரியும். முதலாவது உண்மையென்றால், முழு ரெஸ்யூமேயிலும் வலுவான வரி அதுவாகத்தான் இருக்கும். பழைய மின்னஞ்சல்களில் ஒரு நூலுக்கு எத்தனை முறை கோப்பு போய் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். எண்ண முடிந்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதுதான் உண்மையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், "இதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் அது கலைந்துவிடும்.

ஒரே பதிவாக எழுதுங்கள்

ஏழு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே பணிப் பதிவு. ஒரே பதவிப் பெயர், ஒரே தொடக்கத் தேதி. அதன் அடியில் முதுகெலும்பான நால்வர், கடைசியில் மீதமுள்ளவர்களுக்கு ஒரு வரி. உங்கள் பட்டியலிலும் நூல்கள் பற்றிய குறிப்பிலும் இருப்பதை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

> கிராஃபிக் டிசைனர், சுயதொழில் (ஃப்ரீலான்ஸ்)
> 2018 மார்ச் – இன்று வரை
> பாடநூல், மருத்துவத் தகவல் கையேடு, பேக்கேஜிங் ஆகியவற்றுக்கான அச்சு வடிவமைப்பு. நான்கு வாடிக்கையாளர்களுடன் தலா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர் பணி. 34 வாடிக்கையாளர்களில் 15 பேர் மீண்டும் பணி தந்தவர்கள்.
>
> பாடநூல் பதிப்பகம், 2021 ஜனவரி – இன்று வரை. 14 நூல்களின் பக்க வடிவமைப்பும் அட்டையும். அவற்றில் ஐந்து, முன்பு நானே வடிவமைத்த நூல்களின் திருத்திய பதிப்புகள். ஆசிரியர் குழு, ஓவியர், அச்சகம் ஆகியோருடன் ஒருங்கிணைப்பு.
>
> பல்துறை மருத்துவமனை, 2022 நவம்பர் – இன்று வரை. அவர்களின் பிராண்ட் கையேட்டுக்கு உட்பட்டு, நோயாளிகளுக்கான தகவல் கையேடுகள். (ஒப்பந்தப்படி பெயர் குறிப்பிடப்படவில்லை.)
>
> விளம்பர நிறுவனம் வழியாக, 2018 ஆகஸ்ட் – 2021 செப்டம்பர். அவர்களின் வாடிக்கையாளர்களுக்கான அச்சு விளம்பரங்கள். (ஒப்பந்தப்படி பெயர் குறிப்பிடப்படவில்லை.)
>
> உணவுப்பொருள் நிறுவனம், 2019 ஏப்ரல் – 2021 ஜூன். பேக்கேஜிங் வடிவமைப்பு.
>
> மற்ற 30 வாடிக்கையாளர்கள்: லோகோ, அழைப்பிதழ், விழா மலர் உள்ளிட்ட குறுகிய காலப் பணிகள்.
>
> 2022 ஜூன் – அக்டோபர்: குடும்பத்தில் மருத்துவக் காரணத்துக்காக இடைவெளி.

பதிப்பகம், உணவுப்பொருள் நிறுவனம் என்று நான் பொதுவாக எழுதிய இடங்களில் உண்மைப் பெயரைப் போடுங்கள். பதிப்பகத்தை முதலில் வைத்ததற்குக் காரணம், நீங்கள் விண்ணப்பிப்பது கல்வி நிறுவனத்துக்கு. நாளை ஒரு மருந்து நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் மருத்துவமனையை மேலே கொண்டுவந்து அதற்கு இரண்டு வரி கூட்டுங்கள். உள்ளே இருப்பவர்களின் வரிசையை மாற்றலாம், பதிவின் தேதியை மாற்றக் கூடாது. "முன்பு நானே வடிவமைத்த நூல்களின் திருத்திய பதிப்புகள்" என்ற சொற்களை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பின்விளைவோடு வாழ்ந்தவரா என்று நான் மேலே சொன்ன சந்தேகத்துக்கு அந்தச் சில சொற்கள் பதில் சொல்லிவிடும்.

இணையப் படிவத்தில் "நிறுவனம்" என்ற கட்டம் வந்தால் "சுயதொழில்" என்று ஒரே ஒரு பதிவு. வாடிக்கையாளர்களை விவரக் கட்டத்துக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக "மேலும் சேர்" என்று அழுத்தியிருப்பீர்கள் என்று உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்தால் தெரிகிறது. அந்தத் தவறு இனி வேண்டாம்.

"இடைவிடாத ஏழு ஆண்டு அனுபவம்" என்ற தொடர் உங்கள் முகப்பு வரியில் இருக்கிறது. அதில் "இடைவிடாத" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த ஐந்து மாதத்திலும் உங்கள் தொழில் மூடப்படவில்லை. ஆகவே 2018 முதல் இன்று வரை என்ற தேதி உண்மை. ஆனால் வேலை நடக்கவில்லை. ஆகவே இடைவிடாமல் என்பது உண்மை இல்லை. நோயின் பெயர், சிகிச்சை விவரம் எதுவும் தாளில் வேண்டாம். யாராவது கேட்டாலும் "அப்பாவுக்குச் சிகிச்சை நடந்தது, முடிந்தது, நவம்பரில் அதே பதிப்பகத்தின் வேலையோடு திரும்பினேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நண்பர்கள் சொன்ன இரண்டு யோசனைகள்

பதிப்பகத்தையே பணியிடமாக எழுதும் யோசனையை இன்றே கைவிடுங்கள். நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் ஆபத்தானது. வேலை உறுதியாவதற்கு முன்போ பின்போ பின்னணிச் சரிபார்ப்பு நடக்கலாம். சரிபார்ப்பவர் பதிப்பகத்தின் மனிதவளத் துறையைக் கேட்பார். அவர்கள் சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை என்பார்கள். உங்களோடு நான்கு ஆண்டுகள் பேசிய ஆசிரியர் வரை அந்தக் கேள்வி போகவே போகாது. அறிக்கையில் "பணி உறுதிப்படவில்லை" என்று பதிவாகும். பணி ஆணையைத் திரும்பப் பெற அது போதும். சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கவும் அதைக் காரணமாக்கலாம். உண்மையான 50 மாத உறவு ஒரு சொல்லால் பொய்யாக மாறிவிடும். அதே உறவை "வாடிக்கையாளர்" என்று எழுதினால் யார் கேட்டாலும் நிற்கும்.

"நிறுவனர், படைப்பாக்க இயக்குநர்" பொய் என்று நான் சொல்லமாட்டேன். பதிவு செய்த நிறுவனமும் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் இருந்தால் அது பொருந்தும். நீங்கள் தனியாகச் செய்திருக்கிறீர்கள், விண்ணப்பிப்பது ஒரு குழுவில் டிசைனர் பதவிக்கு. இயக்குநர் ஏன் டிசைனராக வர வேண்டும், வந்தால் பிறர் சொல்வதைக் கேட்பாரா என்றுதான் படிப்பவர் யோசிப்பார். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வேலையின் பெயரே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நீங்கள் உண்மையில் ஏழு ஆண்டுகள் செய்ததும் அதுதான்.

சம்பளச் சீட்டு உங்களிடம் இல்லாததால் சான்றுகளை இப்போதே திரட்டி வையுங்கள். நால்வரில் ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் அல்லது வேலையை உறுதி செய்த மின்னஞ்சல், முதல் பில், கடைசி பில், அந்தப் பணம் கணக்கில் வந்த வரி, இவற்றோடு உங்கள் வருமான வரிக் கணக்கு. தொகையை மறைத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். தேதியும் பெயரும் தெரிந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ரகசிய ஒப்பந்தம் உள்ள இருவரின் பில்லை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் தராதீர்கள்.

பதிப்பக ஆசிரியரிடமும் உணவுப்பொருள் நிறுவனத்திடமும் ஒரு கடிதம் கேளுங்கள். உங்களைப் புகழ்ந்து எழுதச் சொல்லாதீர்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்னென்ன வேலை, சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்கலாம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். சரிபார்ப்பவரை மனிதவளத் துறைக்குப் பதிலாக உங்களை அறிந்த ஆசிரியரிடம் அனுப்பும் வழி இந்தக் கடிதம்தான்.

ரகசிய ஒப்பந்தம் எதைத் தடுக்கிறது

ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அந்த அனுபவத்தையே சொல்லக் கூடாது என்று நினைத்து, மருத்துவமனையை ரெஸ்யூமேயிலிருந்து முழுவதுமாக நீக்கியிருக்கிறீர்கள். 28 மாதத் தொடர் பணியை நீங்களே அழித்துவிட்டீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, அது எதைத் தடுக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். சில ஒப்பந்தங்கள் வேலையின் உள்ளடக்கத்தை, அதாவது வெளிவராத கோப்புகளையும் திட்டங்களையும் மட்டும் காக்கின்றன. சில, நீங்கள் அவர்களுக்கு வேலை செய்வதையே வெளியில் சொல்லக் கூடாது என்கின்றன. காலவரையறை இருக்கிறதா, அவர்களின் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது பற்றித் தனிப் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, "என் ரெஸ்யூமேயில் உங்கள் பெயரைக் குறிப்பிடலாமா, ஏற்கெனவே அச்சாகி வெளிவந்த இரண்டு கையேடுகளைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். சம்மதிப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அச்சாகி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது என்பதாலேயே அதைக் காட்டும் உரிமை உங்களுடையது ஆகிவிடாது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது அது.

அனுமதி கிடைக்காவிட்டால் "பல்துறை மருத்துவமனை" என்பது போதும். ஆனால் ஊர், படுக்கை எண்ணிக்கை, சிறப்புப் பிரிவு என்று சேர்த்துக்கொண்டே போனால் பெயரை எழுதியதற்கு அது சமமாகிவிடும். விளம்பர நிறுவனம் வழியாக வந்த பெரிய பெயர்களும் அப்படித்தான். அவர்கள் விளம்பர நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், உங்களுடையவர்கள் அல்லர். நீங்கள் அந்தப் பெயர்களை நேரடி வாடிக்கையாளர்களாக எழுதியிருக்கிறீர்கள். "வழியாக" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் உண்மை சரியாகும், உங்கள் மதிப்பும் குறையாது. பெயர்களைச் சொல்லலாமா என்பதை அந்த நிறுவனத்திடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். நேர்காணலில் யாராவது அழுத்திக் கேட்டாலும் சொல்லாதீர்கள். முந்தைய வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பவர் நாளை தங்கள் ரகசியத்தையும் காப்பார் என்று புரிந்துகொள்ளக்கூடியவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால்

"ஏன் இப்போது முழுநேர வேலை?" என்று நிச்சயம் கேட்பார்கள். நிலையான வருமானம் வேண்டும் என்பது நேர்மையான பதில்தான், சொல்வதில் வெட்கம் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், நல்ல பில் வந்ததும் போய்விடுவார் என்று தோன்றும். வெளியில் இருந்ததால் உங்களுக்குக் கிடைக்காத எதையாவது சொல்லுங்கள். பாடநூல் எப்படி அமைய வேண்டும் என்று முடிவாகும் கூட்டத்தில் நீங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. முடிவானதைத்தான் உங்களுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இதைப் பற்றி நீங்களே நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே சொல்லுங்கள்.

இப்போதிருக்கும் வாடிக்கையாளர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் கேட்காவிட்டாலும் பதிலோடு போங்கள். உங்களிடம் இப்போது தொடர்ந்து வேலை வாங்குபவர்கள் இருவர்தான். பதிப்பகத்தில் ஒரு நூல் பாதியில் இருக்கிறது, மருத்துவமனை வேலை மாதந்தோறும் வருகிறது. எந்த நாளுக்குள் நூலை முடிப்பீர்கள், மருத்துவமனைக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், கோப்புகளை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். "எல்லோரையும் உடனே விட்டுவிடுவேன்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நாளை தங்களையும் இப்படித்தான் விட்டுவிடுவார் என்று நினைக்க அது இடம் கொடுக்கும். வெளிவேலை பற்றிப் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்பகத்துக்கு ஆண்டுக்கு ஒரு நூல் செய்ய ஆசை இருந்தால், அதற்கு எழுத்தில் அனுமதி கேட்கும் நேரமும் அதுவே.

சம்பளம் பற்றி ஒன்று மட்டும். ஒரு ஆண்டில் பில் போட்ட மொத்தத் தொகையை "தற்போதைய வருமானம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து மென்பொருள் சந்தா, கணினி, எழுத்துரு உரிமம், வராமல் போன பாக்கி ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதோடுதான் சம்பளத்தை ஒப்பிட வேண்டும். விடுப்பும் காப்பீடும் உங்கள் செலவிலேயே இருந்தன என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பத்து நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு வாடிக்கையாளர்களுக்கும் மின்னஞ்சல் இன்றே போகட்டும், ஏனென்றால் பதில் வர நாளாகும். இருவரிடம் கடிதம், இருவரிடம் பெயர் சொல்ல அனுமதி. மாதக் கட்டங்களை நாளை நிரப்புங்கள். திருத்தச் சுற்றுக் கேள்விக்கு விடை தேட இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஐந்தாம் நாள் ரெஸ்யூமேயை எழுதி, வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். மருத்துவமனையின் பதில் அதற்குள் வரவில்லையென்றால் பெயர் இல்லாமலே விண்ணப்பியுங்கள். பிறகு அனுமதி கிடைத்தால் நேர்காணலில் சொல்லிக்கொள்ளலாம்.